190-க்கும் 190-க்கும் நடுவே

பொறியியல் தரவரிசைப் பட்டியல் வெளியாகும் நாளில் பல வீடுகளில் ஒரே கேள்வி எழும். “அவனுக்கும் கட்-ஆஃப் 190, நம்ம பையனுக்கும் 190. அவன் எப்படி நூறு இடம் முன்னால போனான்?”

கணக்கில் பிழையில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் முழுதாக 100. இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைந்து தலா 50. மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு இந்த அளவுகோல் அரை மதிப்பெண்ணாகத்தான் நகரும். அதாவது 0-விலிருந்து 200 வரை மொத்தமே 400 படிகள். பட்டியலில் சுமார் 2 லட்சம் பேர் இருந்தால், எல்லாப் படிகளிலும் சமமாகப் பரப்பினாலும் படிக்கு 500 பேர் நிற்க வேண்டியிருக்கும். ஒரே படியில் நெருக்கியடிக்கும் அந்தக் கூட்டத்தை வரிசைப்படுத்தத்தான் தனி விதி.

முதலில் பார்ப்பது கணித மதிப்பெண். அதிலும் சமமென்றால் இயற்பியல். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். முதல் மாணவி கணிதம் 96, இயற்பியல் 94, வேதியியல் 94. இரண்டாமவன் 98, 90, 94. மூன்றாமவள் 98, 94, 90. மூவருக்கும் கட்-ஆஃப் 190 தான். ஆனால் கணிதத்தில் 96 எடுத்தவள் கடைசிக்குப் போய்விடுகிறாள். 98 எடுத்த இருவரில் இயற்பியலில் 94 வாங்கியவள் முந்துகிறாள்.

வேதியியல் எங்கே போயிற்று? அதைப் பார்க்கத் தேவையே இல்லை. கட்-ஆஃப், கணிதம், இயற்பியல் மூன்றும் சமமென்றால் வேதியியலும் சமமாகத்தான் இருக்க முடியும். இதில் ஒரு வேடிக்கையும் ஒளிந்திருக்கிறது. கட்-ஆஃபும் கணிதமும் சமமாக உள்ள இருவரில் வேதியியலில் கூடுதலாக வாங்கியவர்தான் பின்னுக்குப் போவார். அந்தக் கூடுதல் வந்ததே இயற்பியலில் குறைந்த இடத்தை ஈடுகட்டத்தானே! மேலே சொன்ன இரண்டாமவனுக்கு வேதியியலில் 94, அவனை முந்தியவளுக்கு 90.

இதற்கு மேலும் சமமாக இருப்பவர்களுக்கு மற்ற மதிப்பெண்களைப் பார்க்கிறார்கள். எவை, எந்த வரிசையில் என்பது அவ்வப்போது திருத்தப்பட்டிருப்பதால், அந்தந்த ஆண்டுக் கையேட்டைப் பார்ப்பதே சரி. அண்ணன் காலத்து விதியை நம்ப வேண்டாம். அதன்பின் பிறந்த தேதி. வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. ஒரு நாள் மூப்பும் மூப்புதான்.

எல்லாமே ஒத்துப்போனால்? ஒரே மதிப்பெண் வாங்கிய இரட்டையர்களுக்கு அது நேரலாம். அதற்காகத்தான் தரவரிசைக்கு முன்பே விண்ணப்பதாரர் ஒவ்வொருவருக்கும் 10 இலக்க ‘ரேண்டம் எண்’ ஒன்றைக் கணினி வழங்கிவிடுகிறது. பெரிய எண் வைத்திருப்பவர் முன்னால். யாருக்கு யார் போட்டி என்று தெரிவதற்கு முன்பே சீட்டு குலுக்கி முடித்தாயிற்று என்பதால், பிறகு யாரும் முணுமுணுக்க இடமில்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்த எண் கடைசிவரை பயன்படுவதே இல்லை.

இந்த விதிகள் எல்லாம் தடுமாறுவது உச்சியில்தான். 2024-இல் 200-க்கு 200 கட்-ஆஃப் பெற்றவர்கள் 65 பேர். மூன்று பாடத்திலும் சதம் அடித்தவர்களிடம் கணிதத்தையும் இயற்பியலையும் ஒப்பிட்டு என்ன பயன்? 2020 நீட் தேர்வில் இது நாடறிந்த செய்தியானது. ஒடிசா மாணவர் ஒருவரும் உத்தரப்பிரதேச மாணவி ஒருவரும் 720-க்கு 720 எடுத்தார்கள். உயிரியல், வேதியியல், தவறான விடைகளின் எண்ணிக்கை என எதிலும் பிரிக்க முடியவில்லை. வயதில் மூத்தவர் என்பதால் அந்த மாணவருக்கு முதலிடம், மாணவிக்கு இரண்டாமிடம். முழு மதிப்பெண் எடுத்தும் இரண்டாமிடமா என்று பலர் கேட்டார்கள். மறு ஆண்டு 720 எடுத்த மூவரும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

உச்சியில் இது பெருமை சம்பந்தப்பட்டது. நடுவில் இருப்பவர்களுக்கோ சீட்டே சம்பந்தப்பட்டது. “போன வருஷம் அந்தக் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் 190-க்குக் கிடைச்சுது” என்று சொன்னால், கடைசியாக இடம் பிடித்தவரின் கட்-ஆஃப் 190 என்றுதான் பொருள். 190 எடுத்த எல்லாருக்கும் கிடைத்தது என்று பொருளல்ல. அந்தக் கடைசி சீட்டுக்காரர் கணிதத்தில் 99 எடுத்தவராக இருக்கலாம். 96 எடுத்தவருக்குக் கதவு அடைபட்டிருக்கலாம். ஆகவே விருப்பப் பட்டியல் நிரப்பும்போது கட்-ஆஃபோடு நிற்காமல், சென்ற ஆண்டு அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவு எந்தத் தரவரிசை எண்ணோடு முடிந்தது என்றும் பார்க்க வேண்டும். தன் மதிப்பெண்ணோ பிறந்த தேதியோ தவறாகப் பதிவாகியிருந்தால், பட்டியல் வெளியானதும் குறைதீர்ப்புக்குத் தரும் சில நாள் அவகாசத்துக்குள் சான்றிதழோடு சேவை மையத்துக்குப் போய்விட வேண்டும்.