கெட்டிமேளத்துக்கு முன்னால் ரைசர் வேண்டாம்

கல்யாண ஹைலைட்ஸ் வீடியோ ஒன்றைப் பாருங்கள். வளையல் அடுக்கிய கை மறைந்து மண்டப வாசல் வரும்போது 'விசுக்'கென்று ஒரு காற்றுச் சத்தம். வாசல் மறைந்து மணவறை வரும்போதும் அதே சத்தம். மூன்றாம் முறை கேட்கும்போது கல்யாணம் பின்னால் போய் எடிட்டிங் முன்னால் வந்து நிற்கிறது. எடிட்டர்கள் இந்தக் காற்றுச் சத்தத்தை வூஷ் என்பார்கள். மெல்லத் தொடங்கி ஏறிக்கொண்டே போய் உச்சத்தில் நிற்கும் சத்தம் ரைசர். இரண்டும் நல்ல கருவிகள்தான். வைக்கும் இடமும் அளவும் தவறும்போதுதான் மலிவாகக் கேட்கின்றன.

வூஷ் என்பது வேகமான அசைவின் சத்தம். வாசலைக் காட்டிய கேமரா சட்டென்று வலப்பக்கம் திரும்பி, அந்த மங்கலான வேகத்திலேயே மணவறைக் காட்சி தொடங்கினால், காற்றுச் சத்தத்துக்குப் படத்திலேயே காரணம் இருக்கிறது. அசையாமல் நிற்கும் இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவிலோ, ஒன்று கரைந்து இன்னொன்று வரும் இடத்திலோ அந்தக் காரணம் கிடையாது. அங்கெல்லாம் வூஷை எடுத்துவிடலாம். பல வீடியோக்களில் பாதிச் சத்தம் இப்படியே போய்விடும்.

மிஞ்சியவற்றைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். வீடியோவில் நொடிக்கு 25 பிரேம் என்று வைத்துக்கொள்வோம். வூஷ் ஃபைலின் நீளம் ஒரு நொடி. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் உச்சம் தொடக்கத்தில் இருக்காது. 15-ஆவது பிரேம் வாக்கில் இருக்கும். பலரும் ஃபைலின் தொடக்கத்தைக் கட் விழும் இடத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அப்போது மணவறை திரைக்கு வந்து அரை நொடிக்கு மேல் ஆன பிறகுதான் 'விசுக்' கேட்கும். ஃபைலை 15 பிரேம் முன்னால் தள்ளினால் உச்சமும் கட்டும் ஒன்றாக விழும். அதன் பிறகு வால் போல நீளும் மீதிச் சத்தத்தை, அடுத்த காட்சியில் யாராவது பேசினால், ஐந்தாறு பிரேமுக்குள் மங்கவைத்து முடித்துவிட வேண்டும்.

அடுத்தது அளவு. பேச்சின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தொடுகிறது என்றால் வூஷின் உச்சத்தை மைனஸ் 18 அருகில் வைத்துத் தொடங்குங்கள். வூஷை ஒருமுறை அணைத்துவிட்டுப் பாருங்கள். காட்சி கொஞ்சம் வெறுமையானதுபோல் தோன்றினால் அளவு சரி. 'அப்பாடா' என்று இருந்தால் அதிகம். பெரும்பாலோர் கைபேசியில்தான் பார்ப்பார்கள் என்பதால் அதன் ஸ்பீக்கரிலும் கேட்டாக வேண்டும். சின்ன ஸ்பீக்கரில் அடிக்குரல் எழாது. ஹெட்போனில் கனமாக உருண்ட வூஷ் அங்கே வெறும் 'ஸ்ஸ்' ஆகிவிடும். ஈக்வலைசரில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலிருப்பதைக் குறைத்தால் அந்தச் சீறல் அடங்கும்.

ரைசர் விஷயம் வேறு. ஏதோ வரப்போகிறது என்று அது பார்ப்பவருக்கு வாக்குக் கொடுக்கிறது. முடியும் இடத்தில் அதற்கு ஈடான ஒன்று வந்தே ஆக வேண்டும். மென்மையான இசை தாளத்துக்கு மாறும் இடத்தில் அது நன்றாகப் பொருந்தும். தாளம் நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு அரை நொடி. எட்டு அடிக்கு நான்கு நொடி. ரைசரை அந்த நான்கு நொடிக்கு வெட்டி, தாளம் விழுவதற்கு இரண்டு பிரேம் முன்பே நிறுத்துங்கள். அந்தச் சின்ன மௌனத்தால் முதல் அடி பலமாக விழும். ரைசரில் சுருதி தெளிவாகக் கேட்டால் அது பாட்டின் சுருதியோடு சேர வேண்டும். சேரவில்லையென்றால் சுருதியே இல்லாத இரைச்சல் வகை ரைசர் நல்லது.

தாலி கட்டும் இடத்தில் மட்டும் ரைசர் வேண்டவே வேண்டாம். நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும் நாதஸ்வரமும் தவிலும், "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று குரல் எழுந்ததும் ஒரே தாவலில் உச்சத்துக்குப் போகின்றன. அந்தத் தாவல்தான் அதன் பலம். நான்கு நொடி முன்பே செயற்கையாக ஒன்று ஏறத் தொடங்கினால் அந்தத் தாவல் காணாமல் போகும். போதாததற்கு நாதஸ்வரத்தின் சுருதியோடு அது மோதவும் செய்யும். அதற்குப் பதிலாகப் பின்னணி இசையை மெல்ல இறக்குங்கள். மணமகளின் பெற்றோர் முகம் திரையில் இருக்கும்போதே, மணவறைக் காட்சிக்கு ஒரு நொடி முன்னதாக, அந்தக் குரல் கேட்கட்டும். தவிலின் முதல் அடியில் கட் விழட்டும். வூஷும் ரைசரும் இல்லாமலேயே காட்சி மாறிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மேளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கேமராவின் மைக்கில் கெட்டிமேளம் பலசமயம் உடைந்து கரகரவென்று பதிவாகியிருக்கும். அலைவடிவத்தின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருப்பதைப் பார்த்தாலே தெரியும். அதை ஒலி குறைத்துச் சரிசெய்ய முடியாது. மண்டபத்தின் பின்வரிசையில் இருந்த இரண்டாவது கேமராவின் ஒலியை எடுத்து, தவிலின் முதல் அடியை அடையாளமாக வைத்துப் படத்தோடு பொருத்துங்கள். மண்டபத்தின் எதிரொலி சற்றுக் கூடுதலாக இருக்கும், ஆனால் கரகரப்பு இருக்காது.