மூன்று மின்தடைகள், பத்து டெசிபெல்

அமெச்சூர் ரேடியோ ஆர்வலர் ஒருவர் வீட்டில் செய்த 1 வாட் டிரான்ஸ்மிட்டரை அளவுக்கருவியில் இணைக்க வேண்டும். அந்தக் கருவி 0.1 வாட்டுக்கு மேல் தாங்காது. அலையைப் பத்தில் ஒரு பங்காக, அதாவது 10 டெசிபெல், குறைத்தாக வேண்டும். குறைத்த பிறகும் இரு பக்கத்துக்கும் 50 ஓம்தான் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அலையின் ஒரு பகுதி திரும்பி ஓடிவந்து அளவீட்டைக் கெடுக்கும்.

இதற்கு மூன்று மின்தடைகள் போதும். இரண்டு சமமானவை, கம்பியின் வழியில் ஒன்றன்பின் ஒன்றாக. மூன்றாவது, அவை சேரும் இடத்திலிருந்து தரைக்கு. படத்தில் வரைந்தால் ஆங்கில T எழுத்து போலிருக்கும்.

மதிப்புகளைக் கண்டுபிடிக்க முதலில் மின்னழுத்தம் எத்தனை மடங்கு குறைகிறது என்று பார்க்க வேண்டும். திறன் பத்து மடங்கு குறைந்தால் மின்னழுத்தம் 3.162 மடங்குதான் குறையும். அதை K என்று வைத்துக்கொண்டால்:

```
K  = 10^(dB/20)
R1 = Z (K-1)/(K+1)
R2 = 2 Z K/(K²-1)
```

Z என்பது 50. கணக்கில் R1 25.97 ஓம், R2 35.14 ஓம் என்று வருகிறது. கடையில் இப்படி யாரும் விற்பதில்லை. கிடைப்பவை 27, 36. அதனால் ஒன்றும் மோசமில்லை. இழப்பு 10.07 டெசிபெல், உள்ளே தெரியும் மின்தடை 51.5 ஓம். இந்த வேலைக்கு இது தாராளம்.

பலரும் கோட்டை விடுவது சூட்டில். உள்ளே வரும் 1 வாட்டில் பாதிக்கு மேல், சுமார் 0.52 வாட், முதல் மின்தடையிலேயே வெப்பமாகிறது. தரைக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கால் வாட் மின்தடையை அங்கே போட்டால் அது கருகும், மதிப்பும் மாறும். முதல் இரண்டு இடங்களிலும் 1 வாட் மின்தடை போடுவது நல்லது. கடைசியில் கால் வாட் போதும். கம்பி சுற்றிய வகை மட்டும் கூடவே கூடாது, அது சுருள்போல நடந்துகொள்ளும்.

சால்டர் செய்தபின் மல்டிமீட்டராலேயே சோதிக்கலாம். மறுமுனை திறந்திருந்தால் 63 ஓம், குறுக்கிணைத்தால் சுமார் 42.4 ஓம். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 51.7 வரும். வேறு எண் வந்தால் எங்கோ மதிப்பு மாறியிருக்கிறது.

இதே ஒற்றை T-யில் 40 டெசிபெல் கேட்டால் R2 வெறும் 1 ஓம். ஒரு சென்டிமீட்டர் கால்கம்பியின் தூண்டல் சுமார் 10 நானோஹென்றி; 100 மெகாஹெர்ட்சில் அதுவே 6.3 ஓம். விளைவு, 40 என்று கட்டியது 24 டெசிபெல்தான் குறைக்கும். மல்டிமீட்டருக்கு இது தெரியாது. அவ்வளவு இழப்பு வேண்டுமென்றால் 20 டெசிபெல் T இரண்டை, நடுவே தகரத் தடுப்பு வைத்து, கால்களை ஒட்ட வெட்டி அடுத்தடுத்து இணையுங்கள்.