பெட்டி 826 ரூபாயா, 774 ரூபாயா?

தீபாவளி நெருங்கும்போது சிறு பலகாரக் கடைகளுக்குக் கம்பெனிகளிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "ஸ்டாஃப் 250 பேர். ஒரு கிஃப்ட் பாக்ஸ் 800 ரூபாய்க்குள் இருக்கணும். கொட்டேஷன் அனுப்புங்க." பலர் உடனே வாட்ஸப்பில் ஒற்றை வரியில் பதில் போட்டுவிடுகிறார்கள்: "எல்லாம் சேர்த்து பெட்டி 790 சார்." அந்த ஒரு வரியிலேயே லாபம் முழுவதும் போய்விடக்கூடும்.

எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டிக்குள் கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு, வறுத்த முந்திரி. இவற்றின் விலை, வரிக்கு முன், 400 ரூபாய். கூடவே சூடு தாங்கும் ஃபிளாஸ்க் ஒன்று, 300 ரூபாய். மொத்தம் 700. 2025 செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்துக்குப் பிறகு இந்தத் தின்பண்டங்களுக்கு 5 சதவீதம், ஃபிளாஸ்க்குக்கு 18.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தனித்தனியாக விற்கக்கூடிய பொருள்களை ஒன்றாகக் கட்டி ஒரே விலை சொன்னால், சட்டம் அதைக் கலப்பு வழங்கல் என்கிறது. உள்ளே இருப்பவற்றில் எதற்கு வரி அதிகமோ, அந்த விகிதம் முழுப் பெட்டிக்கும் பொருந்தும். 700 ரூபாய்க்கும் 18 சதவீதம் என்றால் வரி 126. பெட்டி 826 ரூபாய். "790" என்று வாக்குக் கொடுத்தவர் அந்த 790-க்குள்ளேயே 18 சதவீத வரியைக் கட்டினால், 700-க்குக் குறையும் சுமார் 30.50 ரூபாயைத் தன் கையிலிருந்துதான் போட வேண்டும்.

அதே பொருள்களுக்குக் கொட்டேஷனிலும் பில்லிலும் தனித்தனி விலை காட்டினால், தின்பண்டத்துக்கு 20, ஃபிளாஸ்க்குக்கு 54, ஆக வரி 74 ரூபாய். பெட்டி 774. 250 பெட்டிக்கு 13,000 ரூபாய் வித்தியாசம்! ஆனால் பெயருக்குப் பிரித்துக் காட்டுவது போதாது. ஒவ்வொரு பொருளும் அந்த விலைக்குத் தனியாகவும் கிடைக்க வேண்டும். பில் போடுவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. இந்த வம்பே வேண்டாம் என்பவர் ஃபிளாஸ்க்கை எடுத்துவிட்டு எவர்சில்வர் சம்படம் வைக்கலாம். அதற்கும் இப்போது 5 சதவீதம்தான்.

"வரி எவ்வளவானால் என்ன, கம்பெனிதான் திரும்ப எடுத்துக்கொள்ளுமே" என்று விற்பவர்கள் நினைப்பதுண்டு. அன்பளிப்பாகக் கொடுத்துவிடும் பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஆகவே அந்த 52 ரூபாயும் கம்பெனிக்கு முழுச் செலவு. கணக்குப் பிரிவு கடைசித் தொகையைத்தான் பார்க்கும். 800 ரூபாய்க்கு மேல் போன பெட்டி அங்கேயே கழிக்கப்பட்டுவிடும்.

விலைக்கு அடுத்தது தேதி. 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாலான அலுவலகங்கள் வெள்ளிக்கிழமை, 6ஆம் தேதி, பெட்டியைக் கொடுத்துவிட விரும்பும். அந்தக் கணக்கில் பின்னோக்கி எண்ணித்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊழியர் அதை ஊருக்கு எடுத்துப்போய்ப் பிரிப்பதற்குள் இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு எவ்வளவு பெயர் இருந்தாலும், முன்கூட்டியே கட்டிவைக்கும் பெட்டியில் பால் இனிப்புக்கு இடமில்லை. கடலைமிட்டாயும் முறுக்கும் தாங்கும்.

இவ்வளவையும் சேர்த்தால் பதில் இப்படி அமையும்:

"ஐயா, வணக்கம். 250 பெட்டிக்கான விலை கீழே, பொருள் வாரியாக, எடையுடனும் வரியுடனும் உள்ளது. வரி சேர்த்துப் பெட்டி ரூ.774, மொத்தம் ரூ.1,93,500. இந்த விலை அக்டோபர் 5 வரை செல்லும். எண்ணிக்கையை அக்டோபர் 12க்குள் உறுதி செய்யுங்கள். அதற்குப் பிறகு குறைத்தால், கம்பெனி பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டிக்கான செலவு தங்களைச் சேரும். ஏதாவது பொருள் கிடைக்காவிட்டால் தங்கள் சம்மதம் பெற்றே மாற்றுப் பொருள் வைப்போம். நவம்பர் 5 அன்று தங்கள் அலுவலகத்தில், ஒரே இடத்தில், இறக்கித் தருவோம். 50 சதவீதம் அட்வான்ஸ். மீதி சரக்கு இறங்கிய 15 நாளில். மாதிரிப் பெட்டி ஒன்று இத்துடன் அனுப்பியுள்ளோம்."

இதில் "ஒரே இடத்தில்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆர்டர் உறுதியான பிறகு, "முப்பது பெட்டி ஓசூர் கிளைக்கு, இருபது மதுரைக்கு" என்று ஒரு பட்டியல் வரும். அந்தச் சொல் இருந்தால் வண்டிக்கூலியைத் தனியாகக் கேட்கலாம். மாதிரிப் பெட்டியையும் பிரித்துப் படம் எடுத்து, எடையோடு மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். "சாம்பிளில் முந்திரி பெரிதாக இருந்ததே" என்ற பேச்சு வரும்போது காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.

பணத்துக்கான கெடுவை எழுத்தில் வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. பலகாரத்தைத் தானே செய்து விற்பவர் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில் என்றால், 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, பேசிய கெடுவுக்குள் பணம் வர வேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக்கூடாது. தாமதித்தால் வட்டி கேட்கலாம். எல்லாப் பொருளையும் வெளியில் வாங்கிப் பெட்டியில் அடுக்கி மட்டும் விற்பவர் வணிகர் என்ற கணக்கில் வருவதால், இந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. அவர் அட்வான்ஸை 70 சதவீதமாகக் கேட்பதே சரி.