பெரியவர் குரலும் பின்னால் வந்த அறிவிப்பும்

மும்பை தாராவியில் 90 அடி சாலையில் பொங்கல் பானைகள் வரிசையாகப் பொங்கிய நாள். எங்கள் தெருப் பெரியவர், தம் தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த கதையைச் சொன்னார். 12 நிமிடம் பதிவு செய்தேன். மறுமாதமே அவர் காலமானார். "அப்பா குரல் வேணும், அண்ணாச்சி" என்று மகள் வந்து நின்றபோதுதான் போட்டுக் கேட்டேன். கூட்டத்தின் இரைச்சல், அதற்கு மேல் கூம்பு ஒலிபெருக்கியின் அறிவிப்பு!

மூலப் பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, நகலை ஆடாசிட்டியில் திறந்தேன். முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதைக் குறைத்தேன். ஜெனரேட்டர் உறுமல் பெரும்பாலும் அடங்கியது. பிறகு பெரியவர் மூச்சு வாங்கிய இடத்தில், கூட்ட இரைச்சல் மட்டும் கேட்கும் இரண்டு வினாடியைத் தேர்ந்து, Noise Reduction-இல் Get Noise Profile அழுத்தினேன். அதை மாதிரியாகக் கொண்டு முழுப் பதிவிலும் 18 டெசிபல் குறைத்தபோது, அவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆயிற்று. அதை ரத்து செய்து 8 டெசிபலோடு நிறுத்தினேன். இரைச்சல் மிச்சம் இருந்தது; ஆனால் குரல் அவருடையதாக இருந்தது.

அறிவிப்புக்கு இந்த வித்தை பலிக்காது. இரைச்சல் ஒரே சீராக ஓடுவது. அறிவிப்போ இன்னொரு மனிதப் பேச்சு, கணத்துக்குக் கணம் மாறும். அவர் பேசாத இடங்களில் வந்த அறிவிப்பை மட்டும் 10 டெசிபல் தணித்தேன். அடியோடு அழித்தால் அங்கே திடீர் அமைதி விழுந்து காதை உறுத்தும். அவர் குரலின் மேலேயே விழுந்த அறிவிப்பை என்னால் பிரிக்க முடியவில்லை. அப்படி மூழ்கியது ஒரே ஒரு சொல்: அவர் பாட்டியின் ஊர்ப் பெயர்.

பிழை என்னுடையது. பெரியவரைக் கூம்புக் கம்பத்துக்கு முதுகு காட்டி உட்கார வைத்திருந்தேன். அவரை நோக்கிய மைக் கூம்பையும் நோக்கியே இருந்தது. என் மைக் பின்பக்க ஒலியை மிகக் குறைவாக வாங்கும் வகை. ஆகவே பேசுபவர் கூம்பைப் பார்த்து உட்கார வேண்டும். அப்போது மைக்கின் முதுகு கூம்புக்குத் திரும்பும். இன்னொன்று, மைக்கை ஒரு மீட்டர் தள்ளி வைத்திருந்தேன். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் உயரும். கால் மீட்டருக்குக் கொண்டுவந்தால் 12. சுற்றுச் சத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கணினியில் குரலைக் கெடுக்காமல் நான் பெற்றதைவிட இது அதிகம்.

மகள் ஊரிலிருக்கும் அத்தைக்குப் போன் போட்டு அந்தப் பெயரைக் கேட்டு வாங்கினாள். எந்த நிமிடத்தில் வருகிறது என்பதோடு ஒரு சீட்டில் எழுதிப் பதிவோடு கொடுத்திருக்கிறேன்.