யூலியாவின் மூன்று ஸ்பெல்லிங்

Юлия Соловьёва. யூலியா சலவ்யோவா என்று வாசிக்க வேண்டும். ரஷ்யாவில் மிகச் சாதாரணமான பெயர் என்பதால் இதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பெயருள்ள, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் தன் பழைய பாஸ்போர்ட்டுகளையெல்லாம் மேஜையில் பரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1990களின் தொடக்கத்தில் வாங்கியதில் IOULIA SOLOVIEVA என்று இருக்கும். 2003இல் வாங்கியதில் YULIYA SOLOVYEVA. இப்போது கையில் இருப்பதில் IULIIA SOLOVEVA. ரஷ்ய எழுத்தில் அவர் பெயர் பிறந்த நாளிலிருந்து அப்படியேதான் இருக்கிறது. விசா விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கோ, பணம் அனுப்பும் வங்கிக்கோ இவர்கள் மூன்று பெண்கள்.

இது எவருடைய கைப்பிழையும் அல்ல. அந்தந்தக் காலத்தில் நடப்பிலிருந்த விதிப்படி மூன்றுமே சரி.

சோவியத் காலத்தில் வெளிநாட்டுப் பயணத்துக்கான பாஸ்போர்ட்டில் பெயரை ஃபிரெஞ்சு முறையில் எழுதினார்கள். தூதரக உலகின் மொழியாக ஃபிரெஞ்சு இருந்ததே காரணம். ஃபிரெஞ்சில் u என்று மட்டும் எழுதினால் உதட்டைக் குவித்த வேறொரு ஒலி வரும். நம் ‘ஊ’ வேண்டுமென்றால் ou என்று எழுத வேண்டும். அதனால்தான் யூலியா IOULIA ஆனார். செர்கேய் என்ற பெயரில் g-க்குப் பின்னால் ஒரு u நுழைந்து SERGUEI ஆனதும் இப்படித்தான். அந்த u இல்லாவிட்டால் ஃபிரெஞ்சுக்காரர் அதை ‘ஜ’ போல வாசித்துவிடுவார். ஃபிரெஞ்சுப் பத்திரிகைகள் இன்றைக்கும் புதினை Poutine என்றுதான் எழுதுகின்றன.

லத்தீன் எழுத்துக்குத் தனக்கென்று ஓர் ஒலி கிடையாது, எந்த மொழிக்காரர் வாசிக்கிறார் என்பதைப் பொறுத்தே ஒலி அமைகிறது என்பது தமிழர்களுக்குப் புரியாத விஷயமல்ல. நாம் ‘ழ’வுக்கு zh போடுகிறோம். ரஷ்யப் பாஸ்போர்ட்டில் zh என்று இருந்தால் அது Ж என்ற எழுத்து. ‘ப்ளெஷர்’ என்ற சொல்லின் நடுவில் வரும் ஒலி. கனிமொழி என்ற பெயரை Kanimozhi என்று எழுதிக் கொடுத்தால் ஒரு ரஷ்யர் அந்த ஒலியில்தான் வாசிப்பார்.

1997இல் ரஷ்யா ஃபிரெஞ்சை விட்டு ஆங்கிலத்துக்கு வந்தது. ю என்ற எழுத்து YU ஆனது, я என்பது YA ஆனது. காதால் கேட்பதற்கு நெருக்கமான முறை இது. யூலியா YULIYA ஆனார். யூரி YURIY ஆனார். பலருக்கும் பிடித்துப்போன இந்த முறையும் நிலைக்கவில்லை.

2010 முதல் பாஸ்போர்ட்டை இயந்திரத்துக்காக எழுதத் தொடங்கினார்கள். முதல் சில ஆண்டுகளில் நடப்பிலிருந்த ரஷ்யத் தர அட்டவணை ц என்ற எழுத்துக்கு TC என்று போட்டது; ஸ்வெத்கோவ் குடும்பத்தார் TCVETKOV ஆனார்கள். அடுத்து, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்கும் வகுத்த Doc 9303 ஆவணத்தின் அட்டவணையை அப்படியே ஏற்றபோது, அவர்கள் TSVETKOV ஆனார்கள். இன்று நடப்பில் இருப்பது அந்த அட்டவணைதான்.

அதன்படி யூலியாவை எழுத்து எழுத்தாகப் பார்ப்போம். Ю என்றால் IU. л என்றால் L. и என்றால் I. я என்றால் IA. நான்கையும் சேர்த்தால் IULIIA. நடுவில் இரண்டு I வருவது அச்சுப்பிழை அல்ல; ஒன்று и, மற்றொன்று я-வின் முதல் பாதி. குடும்பப் பெயரில் நடப்பது இதைவிடக் கடுமை. மென்மைக் குறியான ь அட்டவணையில் இல்லாமலே போகிறது. ё, е, э மூன்றுக்கும் ஒரே E. ஆகவே Соловьёва என்பது SOLOVEVA என்று சுருங்குகிறது. ‘யோ’ என்று உரக்க ஒலிக்கும் இடம் காணாமல் போய், ரஷ்யரே வாசித்தாலும் வேறு பெயராகத் தோன்றும்.

முப்பத்து மூன்று எழுத்துகளை இருபத்தாறுக்குள் அடக்கினால் இழப்பு வரத்தான் செய்யும். ஆனால், எதை இழப்பது என்பது யாருக்காக எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. ரஷ்யர்கள் நாட்டுக்குள் அடையாள அட்டையாக வைத்திருக்கும் உள்நாட்டுப் பாஸ்போர்ட்டிலும் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகள் உண்டு. அங்கே யூலியா 7LI8 என்று இருப்பார்! ю-வுக்கு 7, я-வுக்கு 8. எந்த எழுத்தும் தொலையாமல் திரும்ப ரஷ்யமாக்க முடிகிற குறியீடு அது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் பெயர்ப் பகுதியில் எண்களுக்கு இடமில்லை. A முதல் Z வரை மட்டுமே. இழப்பு அங்கேதான் நேர்கிறது.

சிக்கல் பெரும்பாலும் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது தொடங்குகிறது. பழைய வகைக்கு ஐந்து ஆண்டு, பயோமெட்ரிக் வகைக்குப் பத்து ஆண்டு ஆயுள். வெளிநாட்டில் படித்த பட்டம், அங்கே பதிந்த திருமணம், வங்கிக் கணக்கு எல்லாம் YULIYA பெயரில் இருக்க, புதிய பாஸ்போர்ட் IULIIA என்று வருகிறது. இந்தப் பெயரில் வந்த பணத்தை அந்தப் பெயர்க் கணக்கில் சேர்க்க வங்கி தயங்கும். இதற்குக் கதவு அடைக்கப்படவில்லை. விண்ணப்பிக்கும்போதே, பழைய ஸ்பெல்லிங்கை வைத்துக்கொள்ள விரும்புவதாக எழுத்தில் கேட்டு, பழைய பாஸ்போர்ட்டையோ வெளிநாட்டுக் குடியிருப்பு அனுமதியையோ திருமணச் சான்றிதழையோ காட்டினால் அப்படியே எழுதித் தர ரஷ்ய விதிகள் இடம் தருகின்றன. கையில் வந்த பிறகு கேட்டால் மறுபடி முதலிலிருந்துதான். அச்சுக்குப் போகும் முன் விண்ணப்பத்தில் இந்த ஒரு வரியைச் சரிபார்ப்பது பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

தந்தை வழிப் பெயர் வேறொரு குழப்பம். யூலியா செர்கேயெவ்னா சலவ்யோவா என்பது முழுப்பெயர். ஆனால் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் செர்கேயெவ்னா ரஷ்ய எழுத்தில் மட்டுமே இருக்கும். லத்தீனில் குடும்பப் பெயரும் சொந்தப் பெயரும் மட்டும். நடுப்பெயர் என்ற கட்டத்தைக் கண்டதும் பலர் தாமே ஒரு ஸ்பெல்லிங் அமைத்து நிரப்பிவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டின் லத்தீன் வரியில் இல்லாத பெயரை அங்கே எழுதினால் விசா ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் ஒரு பெயரிலும் நிற்கும். பழைய ஸ்பெல்லிங்கை, ‘முன்பு பயன்படுத்திய வேறு பெயர்கள்’ என்ற கட்டம் இருந்தால் அதில் குறிப்பிடலாம். அமெரிக்க விசாப் படிவம் சொந்த மொழி எழுத்திலும் பெயரைக் கேட்கிறது; மூன்று ஸ்பெல்லிங்கும் ஒரே பெண் என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ரஷ்ய நிபுணர்கள் பணிபுரிகிறார்கள். அவர்களுக்கு அறை கொடுக்கும் விடுதிக்காரரும், கணக்குப் பார்க்கும் வங்கி ஊழியரும் இப்படிப்பட்ட பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தின் அடியில் இப்படி ஒரு வரி தொடங்கும்:

```
P<RUSSOLOVEVA<<IULIIA<<<<<<
```

முதல் ஐந்து இடங்கள், P<RUS, ஆவண வகையும் நாடும். பெயர் அதன் பிறகுதான் தொடங்குகிறது. RUSSOLOVEVA என்று சேர்த்து எழுதிவிடாதீர்கள். இரட்டைக் குறிக்கு முன்னால் குடும்பப் பெயர், பின்னால் சொந்தப் பெயர். அந்தப் பெண் தன்னை யூலியா என்று சொல்லி, கையெழுத்தில் Yulia என்றே எழுதினாலும், படிவத்தில் இந்த வரியில் உள்ள எழுத்துகளையே போடுங்கள். இரண்டு I இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.