நேரத்தை எழுதுகிறது, ஊரை எழுதவில்லை

சென்னையில் பிற்பகல் 2 மணி 20 நிமிடம் 37 விநாடிக்குத் திருத்திச் சேமித்த ஒரு கோப்பு, விண்டோஸ் மடிக்கணினியில் இருக்கிறது. அதன் நகல் ஒன்று ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவிலும் இருக்கிறது. இரண்டையும் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய், மடிக்கணினியின் நேர மண்டலத்தை அந்த ஊருக்கு மாற்றிவிட்டுப் பார்த்தால், மூலக் கோப்பு மாலை 4:50:37 என்று காட்டும். பென்டிரைவில் உள்ள நகலோ 2:20:38 என்றே நிற்கும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இடைவெளி. கோப்புகளின் உள்ளடக்கத்தில் ஒரு பைட்கூட மாறவில்லை, பென்டிரைவும் பழுதாகவில்லை, கணினியின் கடிகாரமும் சரியாகவே ஓடுகிறது. இரண்டு சேமிப்பு முறைகள் நேரத்தை இரண்டு விதமாக எழுதிவைத்திருக்கின்றன என்பதே காரணம். இந்த வேறுபாட்டை அறியாமல் தேதியை மட்டும் நம்பினால் புதிய வேலை பழையதால் அழிந்துபோகக்கூடும் என்பதால், இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

மடிக்கணினியின் உள் வட்டில் இருப்பது பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் முறை. அது 1601 ஜனவரி 1 முதல் எத்தனை நேரம் கடந்தது என்பதை, ஒரு விநாடியைக் கோடிப் பங்காக்கிய அலகில், உலகப் பொது நேரமான யுடிசியில் எண்ணி வைக்கிறது. ஆகவே அதில் பதிவாவது ஒரு கணம். சென்னையின் 2:20:37 அங்கே 8:50:37 யுடிசி ஆகிவிடுகிறது. எந்த ஊரில் திறந்தாலும் அந்த ஊரின் வித்தியாசத்தைக் கூட்டி அல்லது கழித்துக் காட்டினால் போதும். ஃபேட் அப்படியல்ல. வலைப்பின்னல் பரவாத 1980களின் டாஸ் கணினிகளுக்காக உருவான அதன் நேரப் பதிவு, மேசைமேல் இருக்கும் கடிகாரம் காட்டுவதை அப்படியே எழுதுகிறது. நேரத்துக்கு 16 பிட்டுகள்தான் இடம்: மணிக்கு 5, நிமிடத்துக்கு 6, விநாடிக்கு மிஞ்சியது 5. ஐந்து பிட்டுகளில் 32 மதிப்புகளே அடங்கும், விநாடிகளோ 60. அதனால் திருத்திய நேரத்தின் விநாடியைப் பாதியாக்கி எழுதினார்கள். 37 என்பது விண்டோஸில் 38 ஆனது இதனால்தான். நேர மண்டலத்தைக் குறிக்க ஒரு பிட்கூட ஒதுக்கப்படவில்லை. முகூர்த்த நேரம் அச்சிட்டு, எந்த ஊர் மண்டபம் என்று போடாமல் விட்ட பத்திரிகையைப் போன்றது அந்தப் பதிவு.

ஊர் தெரியாத நேரத்தைப் படிக்கும் கணினி, தான் இருக்கும் ஊரையே அதற்கும் ஊராக எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூருக்கு மாறிய மடிக்கணினி 2:20:38 என்பதைச் சிங்கப்பூர் நேரமாகக் கருதி 6:20:38 யுடிசி என்று கணக்கிடும். உண்மையைவிட இரண்டரை மணி நேரம் முந்தைய கணம். இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. சிங்கப்பூரில் காலை 10 மணிக்கு, அதாவது 2:00 யுடிசிக்கு, பென்டிரைவில் ஒரு கோப்பைச் சேமிக்கிறோம். அதே கோப்பின் சென்னைப் பிரதியில் வேறொருவர் அன்று காலை 9 மணிக்கு, அதாவது 3:30 யுடிசிக்கு, திருத்தம் செய்கிறார். உண்மையில் சென்னைப் பிரதியே ஒன்றரை மணி நேரம் புதியது. பென்டிரைவைச் சென்னையில் செருகியதும், அதிலுள்ள 10 மணி இந்திய நேரமாகப் படிக்கப்பட்டு 4:30 யுடிசி ஆகிறது. பழையது புதியதாகத் தோற்றம் காட்டுகிறது. ‘புதியதை வைத்துக்கொள், பழையதை மாற்று’ என்ற விதியில் இயங்கும் ஒத்திசைவு மென்பொருள், சென்னையில் செய்த திருத்தத்தின்மேல் பழைய பிரதியை எழுதிவிடும்.

இத்தனை ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம், இப்படி நடந்ததே இல்லையே என்று சிலர் கேட்கலாம். ஒரே நேர மண்டலத்துக்குள் எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே வித்தியாசம்தான் கழிந்து கூடுகிறது. பிழை தன்னைத்தானே மறைத்துக்கொள்கிறது. இந்தியா முழுவதும் ஒரே நேரம், கோடையில் கடிகாரத்தை நகர்த்தும் வழக்கமும் இல்லை என்பதால் இங்கே அது வெளிப்படுவது அரிது. லண்டனில் இருப்பவருக்கு ஊரைவிட்டு நகராமலே இது நேரலாம்: ஜனவரியில் எழுதிய நேரத்துக்கு, ஜூலையில் படிக்கும் மென்பொருள் கோடைக்கால வித்தியாசத்தைப் பொருத்தினால் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். விண்டோஸின் `robocopy` கட்டளையில் அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்ள `/DST`, இரண்டு விநாடி வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ள `/FFT` என்று தனித்தனி விருப்பங்கள் இருப்பது, இவை அறியப்பட்ட சிக்கல்கள் என்பதற்குச் சான்று.

அப்படியானால் ஃபேட்டையே யுடிசிக்கு மாற்றியிருக்கலாமே என்பது அடுத்த கேள்வி. பதிவில் எந்த அடையாளமும் இல்லாதபோது, ஒரு நேரம் பழைய விதியில் எழுதியதா புதிய விதியில் எழுதியதா என்று படிக்கும் கருவியால் பிரித்தறிய முடியாது. விதியை மாற்றியிருந்தால் ஏற்கெனவே எழுதிய அத்தனை கோப்புகளின் தேதியும் தவறாகியிருக்கும். உள்ளூர் நேரத்துக்கு ஆதரவாகவும் ஒரு நியாயம் உண்டு: காலை 6 மணிக்கு எடுத்த படம், எங்கே பார்த்தாலும் 6 மணி என்றே தெரிவது மனிதருக்கு இயல்பானது. 2006-ல் வந்த எக்ஸ்ஃபேட் இரண்டு தேவைகளையும் நிறைவுசெய்யும் வழியைக் கண்டது. உள்ளூர் நேரத்தை எழுதி, பக்கத்தில் ஒரு பைட்டில் யுடிசியிலிருந்து எத்தனை கால் மணி நேரம் விலகியிருக்கிறது என்பதையும் எழுதுகிறது. இந்தியாவுக்கு அது 22. அந்தப் பைட்டின் மேல் பிட், இந்த விவரம் செல்லுமா செல்லாதா என்பதைச் சொல்கிறது.

அப்படியும் எக்ஸ்ஃபேட் மெமரி கார்டில் தேதி நகர்வதற்குக் காரணம் அந்த மேல் பிட்தான். நேர மண்டலம் அறியாத ஒரு கருவி அதைப் பூஜ்யமாக விட்டுவிட்டால், நாம் மீண்டும் ஃபேட்டின் நிலைக்கே வந்துவிடுகிறோம். படிக்கும் கணினி தன் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எக்ஸ்ஃபேட்டின் விதி. ஒரு மென்பொருள் அதை யுடிசி என்று கொண்டாலோ, சென்னையில் 2:20-க்கு எடுத்த படம் இரவு 7:50 என்று காட்டும். ஆக, எக்ஸ்ஃபேட்டின் வடிவமைப்பு சரியானது. அந்தப் பைட்டை நிரப்பாமல் விடும் கருவிகளிடமே குறை இருக்கிறது.

தேதி நகர்ந்ததைக் கண்டால், முதலில் வித்தியாசத்தை அளந்து பாருங்கள். எல்லாக் கோப்புகளும் ஒரே அளவில், முழு மணி, அரை மணி அல்லது கால் மணிக் கணக்கில் விலகியிருந்தால் அது நேர மண்டலக் கோளாறு. ஓரிரு விநாடி மட்டும் என்றால் ஃபேட்டின் இரட்டைப்படை விநாடி. ‘உருவாக்கிய தேதி’ மட்டும் நகலெடுத்த நேரத்தைக் காட்டினால் அது இயல்பே. விண்டோஸ் நகலெடுக்கும்போது ‘திருத்திய தேதி’யைத்தான் காப்பாற்றுகிறது. வெவ்வேறு நேர மண்டலங்களுக்கு இடையே பயணிக்கும் வட்டுகளில், எது புதியது என்பதைத் தேதியை மட்டும் பார்த்து முடிவுசெய்யும் ஒத்திசைவைப் பயன்படுத்தாதீர்கள். `rsync -rcnv` போல, எதையும் எழுதாமல் உள்ளடக்கத்தை ஒப்பிடும் முறையில் எவை வேறுபடுகின்றன என்று முதலில் கண்டறியுங்கள். வேறுபடும் கோப்புகளில் எதை வைப்பது, எதை நீக்குவது என்பதைத் திறந்து பார்த்து நீங்களே தீர்மானியுங்கள்.