வாடகையா, சொந்த வீடா? 15 வருஷக் கணக்கு என்ன சொல்கிறது?

"மாசா மாசம் வாடகை கட்டுறது தண்டம். அதே காசை இ.எம்.ஐ-ஆ கட்டினா வீடு நமக்கு." சென்னையில் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆன யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. இதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. வாடகையும் இ.எம்.ஐ-யும் 'அதே காசு' இல்லை. ஒரே வீட்டுக்கு வாடகை 20 ஆயிரம் என்றால், இ.எம்.ஐ அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் வரும். அந்த இடைவெளிக்கு என்ன ஆகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது.

மேடவாக்கம் பக்கம் 1,000 சதுர அடியில், பத்து வருஷம் பழைய இரண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். விலை 70 லட்சம். வாடகைக்கு விட்டால் மாதம் 20 ஆயிரம். ஒரு தம்பதியிடம் சேமிப்பாக 22 லட்சம் இருக்கிறது. அவர்கள் இதை வாங்கலாமா, இதே வீட்டில் வாடகைக்கு இருக்கலாமா?

வாங்கினால் ஆகும் செலவு

விலையில் 80 சதவீதம், அதாவது 56 லட்சம் வங்கி தரும். மீதி 14 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். பத்திரப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 70 லட்சத்துக்கு 6.3 லட்சம். இதற்கு வங்கி கடன் தராது. வங்கியின் பிராசஸிங் கட்டணம், வக்கீல் ஃபீஸ், கொஞ்சம் மர வேலை என்று 1.7 லட்சம். ஆக, 22 லட்சம் சேமிப்பும் முதல் நாளே காலி.

56 லட்சத்துக்கு 8.5% வட்டி, 15 வருஷத் தவணை என்றால் இ.எம்.ஐ சுமார் 55,150 ரூபாய். கடன் முடியும்போது மொத்தம் 99 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பார்கள். அதில் வட்டி மட்டும் 43 லட்சம்.

அசோசியேஷனுக்கு மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. சென்னையில் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவரே அதைக் கட்டுகிறார் என்பதால் இரண்டு பக்கமும் சமம். ஆனால் சொத்து வரி, பெயின்ட், மொட்டை மாடி ஒழுகல், மாற்ற வேண்டிய குழாய்கள், லிஃப்ட் பழுதானால் கேட்கும் பங்குத் தொகை எல்லாம் ஓனர் தலையில். சில வருஷம் பத்தாயிரத்தில் முடியும், சில வருஷம் ஒன்றரை லட்சம் கேட்கும். சராசரியாக வருஷத்துக்கு 40 ஆயிரம், ஆண்டுக்கு 6% ஏற்றம் என்று வைத்தால் 15 வருஷத்தில் 9.3 லட்சம்.

வாடகைக்கு இருந்தால்

முதல் வருஷம் 20 ஆயிரம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வருஷா வருஷம் 5% ஏறுகிறது என்றால், 15-வது வருஷம் வாடகை 39,600 ரூபாய். மொத்தமாகக் கட்டியிருப்பது சுமார் 52 லட்சம். அட்வான்ஸ் ஒரு லட்சம், அது காலி செய்யும்போது திரும்பி வரும்.

இங்கேதான் பலரும் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். "52 லட்சம் போச்சு, கையில் ஒன்றும் இல்லை" என்பது பாதி உண்மை. வாங்காத தம்பதியிடம் அட்வான்ஸ் போக 21 லட்சம் அப்படியே இருக்கிறது. தவிர, மாதாமாதம் ஒரு தொகை மிச்சமாகிறது. இ.எம்.ஐ-யும் பராமரிப்பும் சேர்ந்து முதல் வருஷம் மாதம் 58 ஆயிரத்துக்கு மேல். வாடகை 20 ஆயிரம். வித்தியாசம் சுமார் 38,400. வாடகை ஏற ஏற இது சுருங்கும். ஆனாலும் 15-வது வருஷத்தில்கூட மாதம் 23 ஆயிரம் மிஞ்சும்.

இந்தப் பணத்தை பி.பி.எஃப், வங்கி டெபாசிட், கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்டு என்று கலந்து போட்டு, வரி போக 7% வருமானம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 21 லட்சம் 15 வருஷத்தில் கிட்டத்தட்ட 58 லட்சம் ஆகும். மாத மிச்சம் வளர்ந்து 1.02 கோடியைத் தாண்டும். அட்வான்ஸையும் சேர்த்தால் சுமார் 1.61 கோடி.

இப்போது கேள்வி நேரானது. அதே 15 வருஷம் கழித்து, கடன் முடிந்த அந்த ஃபிளாட் 1.61 கோடிக்கு மேல் போகுமா? விற்கும்போது 2% புரோக்கர் செலவையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டு விலை வருஷத்துக்குச் சுமார் 5.9% ஏற வேண்டும். அதற்கு மேல் ஏறினால் வாங்கியவர் ஜெயித்தார். அதற்குக் கீழே என்றால் வாடகைக்கு இருந்தவர். நாலு முறை வீடு மாறும் வண்டிச் செலவு, புரோக்கர் கமிஷன் எல்லாம் சேர்த்தால் வாடகைப் பக்கத்தில் மூன்று, நான்கு லட்சம் குறையும். முடிவு பெரிதாக மாறாது.

5.9% சாதாரணம்தானே?

"மனை விலை பத்து வருஷத்தில் இரண்டு மடங்கு ஆயிடுச்சே" என்பார்கள். மனைக்கு அது நடக்கலாம். ஃபிளாட் முழுக்க மனை இல்லை. அதில் நிலத்தில் உங்கள் பங்கு யு.டி.எஸ் எனப்படும் பிரிபடாத பாகம் மட்டும்தான். விலை ஏறுவது நிலம், கட்டடத்துக்கு வயதாகிறது.

நாம் எடுத்த ஃபிளாட்டின் யு.டி.எஸ் 450 சதுர அடி, அங்கே மனை சதுர அடி 7,000 ரூபாய் என்று வைத்தால் நிலத்தின் மதிப்பு 31.5 லட்சம். மீதி 38.5 லட்சம் கட்டடத்துக்குக் கொடுத்த விலை. நிலம் வருஷத்துக்கு 8% ஏறினால் 15 வருஷத்தில் கிட்டத்தட்ட ஒரு கோடி ஆகும். கட்டுமானச் செலவு ஏறிக்கொண்டே போவதால் கட்டடம் ரூபாய் மதிப்பில் குறையாமல் 38.5 லட்சத்திலேயே நிற்கிறது என்று தாராளமாக வைப்போம். மொத்தம் 1.38 கோடி. வருஷத்துக்கு 4.7 சதவீதம்கூட இல்லை.

நிலம் 8% ஏறியும் ஃபிளாட் 5.9 சதவீதத்தைத் தொடவில்லை. பத்து வருஷம் பழைய வீடு அன்றைக்கு 25 வருஷம் பழையதாக இருக்கும். அதை வாங்க வருபவருக்குக் கடன் தரும் முன், கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆயுள் என்று அவருடைய வங்கி பார்க்கும். அதனால், வாங்கப் போகிறவர்கள் கார்பெட் ஏரியாவை விசாரிக்கும் அதே அக்கறையோடு, பத்திரத்தில் யு.டி.எஸ் எத்தனை சதுர அடி என்று பார்ப்பது நல்லது. தனி வீட்டிலும், நாலு வீடு மட்டும் உள்ள சிறிய கட்டடத்திலும் நிலப் பங்கு பொதுவாக அதிகம். அங்கே இந்தக் கணக்கு வாங்குபவர் பக்கம் சாயலாம்.

கணக்கைப் புரட்டிப்போடுவது எது?

முதலாவது, மிச்சப் பணம். 1.61 கோடி என்பது மாதா மாதம் தவறாமல் போட்டால் வருவது. அதில் பாதியைத்தான் போட முடிந்தது, மீதி பைக், டூர், புது போன் என்று போய்விட்டது என்றால் கையில் இருப்பது 1.10 கோடிதான். அப்போது வீட்டு விலை 3.2% ஏறினாலே வாங்கியவர் முந்திவிடுவார். இ.எம்.ஐ கட்டாயச் சேமிப்பு என்று பெரியவர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. கையில் நின்றால் செலவாகிவிடும் பணத்தை வங்கி ஐந்தாம் தேதி பிடித்துக்கொள்கிறது. மறுபக்கம், பெரும்பகுதியைப் பங்குச் சந்தை ஃபண்டுகளில் போட்டு 10% கிடைத்தால் வீடு 8.2% ஏற வேண்டியிருக்கும். ஆனால் அந்த 10 சதவீதத்துக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

இரண்டாவது, வாடகை ஏற்றம். வருஷம் 5 சதவீதத்துக்குப் பதில் 8% ஏறினால் 15-வது வருஷ வாடகை 58,700 ரூபாய். அப்போது வீட்டு விலை 5% ஏறினாலே இருவரும் சமம். ஐ.டி நிறுவனங்கள் வந்து குவியும் பகுதியில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, எத்தனை வருஷம் இருக்கப் போகிறீர்கள் என்பது. வேலை மாறி ஐந்தாவது வருஷமே விற்றால் என்ன ஆகும்? அதுவரை கட்டிய இ.எம்.ஐ 33 லட்சம். ஆனால் கடன் குறைந்திருப்பது 11.5 லட்சம்தான், மீதி வட்டி. பதிவுக்குக் கொடுத்த 6.3 லட்சமும் திரும்பாது. ஏழெட்டு வருஷத்துக்குள் ஊர் மாற வாய்ப்பு இருப்பவருக்கு வாங்குவது பெரும்பாலும் நஷ்டத்தில் முடிவது இதனால்தான்.

வட்டியும் நிற்பதில்லை. பெரும்பாலான வீட்டுக் கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு சேர்ந்து ஏறி இறங்குபவை. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5% ஆனது. நம் கணக்கில் 1% கூடினால் இ.எம்.ஐ 3,300 ரூபாய் ஏறும். வங்கிகள் பல நேரம் இ.எம்.ஐ-யை ஏற்றாமல் தவணைக் காலத்தை நீட்டிவிடும். மெசேஜ் வந்ததா என்று பார்க்காதவர், 15 வருஷக் கடன் 17 வருஷத்தைத் தாண்டிவிட்டதை ரொம்பத் தாமதமாகக் கண்டுபிடிப்பார்.

வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போடுபவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக் கடனின் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய வரி முறையில்தான். புதிய முறையில் இருப்பவருக்கு அது கிடையாது.

உங்கள் வீட்டுக்கு எப்படிப் பார்ப்பது?

வருஷ வாடகையை வீட்டு விலையால் வகுத்துப் பாருங்கள். இங்கே 2.4 லட்சத்தை 70 லட்சத்தால் வகுத்தால் 3.4%. கடன் வட்டி 8.5%. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஐந்து சதவீத இடைவெளியை வீட்டு விலை ஏற்றம்தான் ஈடுகட்ட வேண்டும். இடைவெளி குறையக் குறைய வாங்குவது லாபம். கூடக் கூட வாடகை.

ஓனர் திடீரென்று காலி பண்ணச் சொல்வது, பிள்ளையின் ஸ்கூல், சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்பது, இதெல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றுக்கும் விலை உண்டு. 1.61 கோடிக்கும் 1.38 கோடிக்கும் உள்ள வித்தியாசம் 23 லட்சம். 15 வருஷத்துக்குப் பிறகு வரப்போகும் அந்தத் தொகையை விட்டுக்கொடுத்து, 'யாரும் கிளப்ப முடியாத வீடு' வேண்டும் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால் அது தப்பில்லை. அந்த நிம்மதிக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டால் போதும்.